பிடி இடுப்பில் தொடங்குகிறது

குடும்பிமலைக்குப் புறப்படும் இளசுகள் என்னிடம் முதலில் கேட்பது சப்பாத்தைப் பற்றித்தான். அடியில் பல் எவ்வளவு ஆழம், கணுக்காலை மூட வேண்டுமா, எந்தக் கொம்பனி என்று வரிசையாகக் கேட்பார்கள். நான் பையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். பலருக்கு அது விளங்குவதில்லை. வழுக்கி விழுவது கால்தானே, இடுப்பில் இவருக்கு என்ன வேலை என்று முகத்தில் எழுதியிருக்கும்.

கிரானுக்கு மேற்கே வயலும் காடும் தாண்டி நிற்கும் அந்த மலை 500 மீற்றரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் வாவிக்கரை மணலில் வளர்ந்த காலுக்கு அதன் மொட்டைப் பாறைச் சரிவு புதிது. அங்கே உடம்பைத் தாங்குவது சப்பாத்து அடிக்கும் பாறைக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. அடி முழுவதும் பாறையில் படிந்து, உடம்பின் பாரம் அதன் மேல் நேராக இறங்கினால் கால் நிற்கும். பை பின்னால் இழுத்தால் ஆள் முன்னால் குனிவார். குனிந்தால் குதி எழும்பும், அடியில் பாதிதான் பாறையைத் தொடும். இறங்கும்போது பை ஒரு பக்கம் ஆடினால், கால் ஊன்றும் அந்தக் கணத்தில் பாரம் விளிம்புக்குப் போய்விடும். பிறகு சறுக்கினவர் சப்பாத்தை ஏசுவார். முதுகில் தொங்கிய பையை யாரும் ஏசுவதில்லை.

மலைப் பையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் கலிபோர்னியாவின் டிக் கெல்ற்றி. அவர் நடந்த மலைகளில் அன்று புழங்கியவை மரச்சட்டம் வைத்த பைகள். அந்தச் சட்டத்தின் கீழ்நுனிகளைக் காற்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தபோது, தோளில் இருந்த பாரம் இடுப்புக்கு இறங்கியதாம். 1952 இல் வீட்டில் வைத்து அவர் செய்யத் தொடங்கிய அலுமினியச் சட்டப் பைகளில் இடுப்புப் பட்டி சேர்ந்தது அந்த அனுபவத்தால்தான். துணி மாறியது, சட்டம் பைக்குள் ஒளிந்தது, ஆனால் பாரம் போகும் வழி இன்றும் அதே வழிதான். கிணற்றடியிலிருந்து குடத்தை இடுப்பெலும்பில் சாய்த்து வந்த நம் அம்மாமாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தோள் களைக்கும், இடுப்பெலும்பு களைக்காது.

பட்டி என்றால் எல்லாம் பட்டியல்ல. இரண்டு விரல் அகல நைலோன் நாடாவைக் கோத்து முன்னால் ஒரு கொக்கி வைத்துவிட்டு, அதற்கும் இடுப்புப் பட்டி என்று பெயர் சொல்கிறார்கள். அது பை ஆடாமல் பிடிக்கும், பாரம் எடுக்காது. பாரம் எடுக்கும் பட்டிக்கு இரண்டு பக்கமும் இடுப்பெலும்பைச் சுற்றி வளையும் திண்டு வேண்டும். கையால் மடித்தால் அந்தத் திண்டு எதிர்க்க வேண்டும், பஞ்சுபோல அமுங்கக்கூடாது. அதைவிட முக்கியம், முதுகுப் பக்கத்தில் உள்ள சட்டமோ தகடோ அந்தப் பட்டியில் வந்து முடிய வேண்டும். சட்டம் பட்டிக்கு எட்டாவிட்டால் பாரம் இறங்க வழியில்லை. பையை நிறைத்து, நடுவில் முழங்காலை வைத்து மேலிருந்து அமத்திப் பாருங்கள். சுருங்கிக் கூனினால் அது வெறும் சாக்கு.

அடுத்தது முதுகின் நீளம். ஆளின் உயரத்தை வைத்துப் பை வாங்குகிறவர்களோடு எனக்குப் பழைய பிணக்கு உண்டு. கால் நீண்டவரும் முதுகு நீண்டவரும் ஒரே உயரம் இருக்கலாம், பைக்குத் தேவை முதுகு மட்டும்தான். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, கைகளை இடுப்பெலும்பில் வைத்துப் பெருவிரல்கள் முதுகுத்தண்டை நோக்கும் மட்டம் வரை, முதுகின் வளைவோடு நாடாவை விட்டு அளக்க வேண்டும். கல்லடியில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு இது 42 சென்ரிமீற்றர். கடைக்காரர் எடுத்துப் போட்ட பை 50 சென்ரிமீற்றர் முதுகுக்கு வெட்டியது. பட்டியை இடுப்பெலும்பில் வைத்தால் தோள்வார்கள் தோளைத் தொடாமல் எழும்பி நின்றன. தோள்வாரை இழுத்து இறக்கினால் பட்டி சரிந்து பின்புறத்தில் போய் உட்கார்ந்தது.

"இறுக்கினாச் சரிவரும் சித்தப்பா," என்றாள்.

"இறுக்கினா எலும்பு இறங்கி வருமா புள்ள?"

கடைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே போய், தோள்வாரை ஏற்றி இறக்கக்கூடிய இன்னொரு பையைக் கொண்டுவந்தார். வெறும் பை எல்லாருக்கும் பொருந்தும் என்பதால், பக்கத்துக் கடையில் 5 கிலோ அரிசிப் பையும் இரண்டு தண்ணீர்ப் போத்தலும் வாங்கி உள்ளே வைத்தோம். எல்லா வார்களையும் தளர்த்தி, முதலில் பட்டியை இடுப்பெலும்பின் மேல் நடுத்திண்டு வரும்படி பூட்டினாள். பிறகு தோள்வாரை, முதுகோடு பை ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுத்தாள். தோளுக்கு மேலே பையைத் தலைப்பக்கம் இழுக்கும் சின்ன வாரும் நெஞ்சு வாரும் கடைசி. அந்த ஒழுங்கு மாறினால் எல்லாம் மாறும். கால்மணி நேரம் கடைக்குள் நடக்க விட்டபின் தோள்வாரின் உச்சியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது. அந்த விரல்கள் சிக்கினால் பாரம் இன்னும் தோளில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

கொள்ளளவில் நான் கஞ்சன். முதல் மலைக்கே 60 லீற்றர் பையோடு வருகிறவர்கள், எதிர்காலத்தில் பெரிய மலை ஏறுவோம் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். வெறுமையாய்க் கிடக்கும் இடத்தை மனிதர் எப்படியும் நிரப்புவார். நிரப்பாவிட்டால் சாமான் உள்ளே உருளும். குடும்பிமலைக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும்? மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துள் போய்விடுவதால், மலையேற்றம் மழை ஓய்ந்த பிறகுதான். அப்போது பாறை சூடு கக்கும். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. ஆகவே தலைக்கு 4 லீற்றர், அதுவே 4 கிலோ. சாப்பாடு ஒரு கிலோ. மழைச்சட்டை, மாற்றுச் சட்டை, ரோர்ச், மருந்துப் பொட்டலம் எல்லாமாக இன்னும் ஒன்றரைக் கிலோ. மொத்தம் ஆறரைக் கிலோ, 20 லீற்றருக்குள் அடங்கும். கை நுழைய இடம் விட்டால் 25 முதல் 30 லீற்றர் தாராளம். ஓர் இரவு தங்கும் பயணமென்றால் 40.

பையில் அச்சடித்த லீற்றரையும் நம்ப வேண்டாம். உயரம், அகலம், ஆழத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 50க்கு 30க்கு 20 என்றால் 30 லீற்றர், மூலைகள் வளைவதால் உண்மையில் அதற்கும் குறைவு. இதே அளவுப் பையில் 45 என்று அச்சடித்து விற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து கிலோவுக்குக் குறைந்த பாரத்துக்கு இந்தப் பட்டி வழிபாடு தேவையில்லை என்பார்கள் தோள்வார்க் கட்சிக்காரர். சரிதான், சமநிலத்தில். சரிவில் எடையைவிட ஆட்டம்தான் ஆபத்து. அதுவும் தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பை தளரும். மத்தியானத்துக்குள் பாதி வெறுமையான பை, இறங்கும் நேரத்தில்தான் அதிகம் ஆடும். பக்கங்களில் இறுக்கும் வார்கள் அதற்காகவே இருக்கின்றன. உச்சியில் ஒருதரம் அவற்றை இழுத்துவிட்டு இறங்குகிறவரை நான் மதிப்பேன்.

சப்பாத்துக்கு வருவோம். கணுக்காலை மூடும் கனத்த தோல் பூட்ஸ்தான் மலைக்கு என்று சாதிக்கிறவர்கள் குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதிகப் பாரம் சுமப்பவருக்கும் கணுக்கால் அடிக்கடி பிரளுபவருக்கும் அது உதவும். ஆறரைக் கிலோவுடன் நம் வெயிலில் போகிறவருக்கு, காற்றோடும் துணியாலான தாழ்ந்த சப்பாத்துப் போதும். தண்ணீர் புகாத உள்ளுறை வேர்வையையும் வெளியே விடத் தயங்கும், நனைந்த தோல்தான் முதலில் கொப்பளிக்கும். மறுபக்கம் பாட்டாக் கட்சி. காய்ந்த பாறையில் இறப்பர்ச் செருப்பு நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. செருப்பு பாறையைப் பிடித்திருக்க, இறங்கும்போது கால் செருப்பை விட்டுப் போய்விடும். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வெறுங்காலோடு உகந்தை, குமண வழியே போகிறார்களே என்றால், அது காட்டு மணல், சரிவல்ல. அந்தக் கால்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியுமில்லை.

சப்பாத்து அடியின் பெயரில் உலகம் அறிந்தவர் இத்தாலிய மலையேறி விற்றாலே பிரமானி. 1935 இல் அவர் போன மலையேற்றத்தில் அவரது தோழர்கள் ஆறுபேர் இறந்தார்கள். காலில் ஏற்ற சப்பாத்து இல்லாததும் ஒரு காரணம் என்று நினைத்தவர், 1937 இல் பல்வைத்த இறப்பர் அடியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எல்லாரும் பல்லைத்தான் பார்க்கிறார்கள். ஆழமான, இடைவெளிவிட்ட பல் சேற்றுக்கும் தளர்ந்த மண்ணுக்கும். மொட்டைப் பாறையில் வேலை செய்வது இறப்பரின் மென்மையும் தொடும் பரப்பும். பெருவிரல் நகத்தால் அமத்தினால் சற்றே குழிந்து திரும்ப வேண்டும். பிளாஸ்ரிக்போல நகம் வழுக்கினால் எவ்வளவு பல் இருந்தும் வீண். குடும்பிமலைக்கு நடுத்தர ஆழப் பல்லும், நுனிப் பக்கம் கொஞ்சம் தட்டையான இறப்பரும் உள்ளதே பொருத்தம். ஈரப் பாசியில் எந்த அடியும் நிற்காது. கருத்து மினுங்கும் பாறையைச் சுற்றிப் போவதுதான் ஒரே வழி.

அளவு பார்ப்பது மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடும் அதே சொக்ஸோடு. நாடாவை அவிழ்த்து, விரல்கள் முன்னால் முட்டும்வரை தள்ளினால், குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு குதியைப் பின்னால் தட்டி நாடாவை இறுக்கி நடந்தால் குதி எழும்பக்கூடாது. படியில் இறங்கிப் பாருங்கள். நகம் முன்னால் இடித்தால், மலையிலிருந்து இறங்கி முடிவதற்குள் அது கறுத்துவிடும்.

இனி என் முறைப்பாடு. முன்பு அடியைத் தைத்தார்கள், தேய்ந்தால் மாற்றலாம். இன்று ஒட்டுகிறார்கள். மேலும், குதியைத் தாங்கும் நடுத்தட்டு பொலியூரித்தேன் என்றால், போடாமல் பெட்டியில் வைத்தாலே ஈரக்காற்றில் சில வருடங்களில் உள்ளே மாவாகும். வாவிக்கரை வீடுகளின் அலுமாரி அதற்கு ஏற்ற இடம். வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பி, பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்து, முதல் சரிவிலேயே வாய் பிளக்கும். இரவல் வாங்கும்போது நடுத்தட்டை விரலால் அமத்திப் பாருங்கள். வெடிப்போ உதிரும் தூளோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பைக்கும் இதே நோய் உண்டு. உட்புறப் பூச்சு பிசுபிசுத்துப் புளித்த மணம் வந்தால் அது இனி மழை தாங்காது, ஆனால் பட்டியும் சட்டமும் நன்றாக இருந்தால் அந்தப் பையை நான் எறியமாட்டேன். உள்ளே ஒரு பொலித்தீன் பை போட்டால் போதும்.

ஆகவே காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பட்டியைக் கொண்டாடும் நானே சப்பாத்தைத்தான் புதிதாக வாங்கச் சொல்வேன். அது ஒருவர் காலுக்கே பழகும். பையை இரவல் வாங்கலாம், முதுகு நீளம் ஒத்துப்போனால். இரண்டையும் சேர்த்துப் பரீட்சிக்க மட்டக்களப்பு நகரில் சரிவு இல்லை. உன்னிச்சைக் குளக்கட்டுக்குப் போய், ஆறரைக் கிலோவை முதுகில் ஏற்றி, காய்ந்த கல் பாவிய பக்கமாக மெதுவாக இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் கையை விரித்துச் சமநிலை தேட வேண்டியிருந்தால் சப்பாத்தைக் குறைசொல்ல முன் பட்டியை அவிழ்த்து, இரண்டு விரல் மேலே ஏற்றிப் பூட்டி, இன்னொருமுறை இறங்குங்கள்.