சொல்லும் வரியும்: சொல்லெண்ணிக்கை பற்றிய ஒரு திறனாய்வு

ஓர் எழுத்தாளரின் சொல்வளத்தை எண்களால் அளந்து காட்டும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. ஒரு சிறுகதையைக் கணினியில் இட்டு, நிறுத்தக்குறிகளை நீக்கி, வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, வெவ்வேறு வரிகள் எத்தனை என்று எண்ணி, மிகுதியாக உள்ளவரே சொல்வளம் உடையவர் என்று தீர்ப்புச் சொல்கிறோம். மாணவர்க்குரிய சொற்பட்டியலும் இவ்வாறே உருவாகிறது. அப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு சொல்தானா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொகூரின் மாசாய் நகரைப் பற்றி நாமே எழுதிய ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்: முதியவர் மாசாயில் ஒரு வீட்டைப் பார்த்தார், பிடித்தது. வீட்டைக் கேட்டார். ‘வீட்டைத் தருகிறேன்’ என்றார் உரிமையாளர். முதியவர் மாசாய்க்குக் குடிவந்தார்.

குறிகளை நீக்கி வரிவரியாக்கினால் 15 வரிகள் கிடைக்கும். ‘முதியவர்’ இருமுறை வருவதால், வேறுபட்ட வரிகள் 14. பதினைந்தில் பதினான்கு வேறுபட்டவை என்றால், எத்துணைச் சொல்வளம்! ஆனால் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். வீட்டைப், வீட்டைக், வீட்டைத் என்று மூன்று வரிகள் நிற்கின்றன. இறுதியில் உள்ள ப், க், த் ஆகிய ஒற்றுகள் வீட்டிற்கு உரியவை அல்ல. அடுத்து வரும் சொல்லின் முதலெழுத்தால் மிகுந்தவை. வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்கும்போது அண்டைச் சொல் அகன்றுவிடுகிறது. அதன் நிழலாகிய ஒற்று மட்டும் தங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே உண்டு. சொல்லின் இறுதியில் நிற்கக்கூடிய எழுத்துகளை நன்னூல் வரையறுக்கும்போது வல்லின மெய் எதையும் சேர்க்கவில்லை. ஆகவே வரியின் கடைசியில் க், ச், த், ப் நின்றால் அதை நீக்கிவிடலாம். நீக்கினால் மூன்று வீடும் ஒன்றாகி, வேறுபட்ட வரிகள் 12 ஆகும். ‘மாசாயில்’, ‘மாசாய்க்கு’ ஆகியவற்றின் வேற்றுமை உருபையும் களைந்தால் 11. உருபைக் களையும் வேலையைப் பொறியிடம் முழுவதும் ஒப்படைக்க இயலாது. ‘இல்’ என்று முடிவன எல்லாம் உருபு ஏற்றவை அல்ல. ‘குயில்’ அவ்வாறு முடிகிறது, ‘மயில்’ அவ்வாறு முடிகிறது. 1962-இல் வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் புறநானூற்றுச் சொல்லடைவு வெளிவந்த காலத்தில் இத்தகைய முடிவுகளை அறிஞரின் கண்ணே எடுத்தது. கணினி வந்தபின்னும் அக்கண் தேவைப்படுகிறது.

நிறுத்தக்குறியை நீக்குவது எளிய வேலை என்று தோன்றும். அதிலும் ஒரு தேர்வு அடங்கியுள்ளது. குறியை அழித்துவிட்டால், இடைவெளியின்றித் தட்டெழுதிய ‘பார்த்தார்;பிடித்தது’ ஒட்டிக்கொண்டு ‘பார்த்தார்பிடித்தது’ என்று அகராதியில் இல்லாத ஒரு சொல்லாகும். குறி இருந்த இடத்தில் வரியை முறித்தால் அது தீரும், ஆனால் ‘ரி.ம.25.50’ என்னும் விலை ரி, ம, 25, 50 என்று நான்காகச் சிதறும். எனவே சுருக்கங்களையும் எண்களையும் முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிறகே குறிகளை வரி முறிவாக மாற்றுவது நன்று.

இவற்றினும் பெரிய தவறு, கணினி எதை எழுத்து என்று கொள்கிறது என்பதில் உள்ளது. ஆங்கிலத்திற்கென எழுதிய நிரல்களில் ‘எழுத்துகளின் தொடர்’ என்பதற்கு `\w+` என்று எழுதுவர். பைத்தானில் அதனைத் தமிழில் இயக்கிப் பாருங்கள்:

```
import re
re.findall(r'\w+', 'தமிழ்ப்பள்ளி')
# ['தம', 'ழ', 'ப', 'பள', 'ள']
```

புள்ளியும் உயிர்க்குறிகளும் கணினியின் இக்கணக்கில் எழுத்து அல்ல. ஆதலால் அவை நிறுத்தக்குறியைப் போலவே நீங்கி, ஒரு பள்ளி ஐந்து துண்டுகளாகிறது. தமிழ்க் குறியீடுகளின் எல்லையைத் தாமே குறித்தால் சொல் முழுதாக வரும்:

```
re.findall(r'[\u0B80-\u0BFF]+', 'தமிழ்ப்பள்ளி')
# ['தமிழ்ப்பள்ளி']
```

இப்பிழை நேர்ந்ததா என்று அறிய வழி எளிது. பட்டியலில் ஓரெழுத்து வரிகளைப் பொறுக்கி எடுங்கள். ஆ, ஈ, கை, தீ போன்ற ஓரெழுத்தொருமொழிகள் சில வரலாம். ‘ழ’வும் ‘ள’வும் நூற்றுக்கணக்கில் வந்திருந்தால் புள்ளி தொலைந்திருக்கிறது என்று துணியலாம்.

செய்யுளுக்கு வந்தால் நிலைமை இன்னும் வேறு. திருக்குறள் 1330 குறட்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஏழு சீர். சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பை இடைவெளியில் முறித்தால் 9310 என்று ஓர் அழகிய எண் கிடைக்கும். அது வள்ளுவர் ஆண்ட சொற்களின் தொகையன்று, யாப்பின் தொகை. ஒரு சீருக்குள் இரு சொற்கள் அடங்கலாம். ஒரு சொல் இரு சீர்களில் பிளவுபட்டும் நிற்கலாம். சொற்பிரிப்புப் பதிப்பை எடுத்தாலோ, எண்ணிக்கை அப்பதிப்பாசிரியரின் முடிவைப் பொறுத்து மாறும். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் தரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

முன்னர்க் கூறிய வல்லொற்று நீக்கத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. நன்னூலார் அறியாத சொற்கள் நம் கதைகளில் இருக்கின்றன. மலேசிய எழுத்தாளர் எழுதும் ‘பாத்திக்’ துணி ‘பாத்தி’ ஆகி, காய்கறித் தோட்டத்துப் பாத்தியோடு சேர்ந்து எண்ணப்படும். ‘பிளாஸ்டிக்’ ‘பிளாஸ்டி’ ஆகும். விதியை இயக்குமுன் இத்தகைய கடன்சொற்களை ஒரு விலக்குப் பட்டியலாக எழுதி வைப்பதும், நீக்கிய ஒற்றுகளை அழிக்காமல் பக்கத்தில் ஒரு நிரலில் காட்டுவதும் ஆசிரியர்க்கு உதவும். மாணவர் அந்நிரலைக் கண்டு, எவ்வொற்று எச்சொல்லின் வரவால் மிகுந்தது என்று கேட்கத் தொடங்கினால், அன்றைய இலக்கண வகுப்பிற்கு வேறு பாடநூல் தேவைப்படாது.