ஆளு யாரு?

ஏரல் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை. புதுப்பித்துத் திறந்தபோது, கடையை ஆரம்பித்த தாத்தாவின் முகத்தை பழைய சினிமா பேனர் மாதிரி போர்டில் வைக்கணும் என்று பேரனுக்கு ஆசை. கையில் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படம். நெற்றியில் விபூதி, அடர்த்தியான மீசை. கம்ப்யூட்டரில் கொடுத்து 'பேனர் ஸ்டைல்' ஆக்கி, ஃப்ளெக்ஸில் அடித்து மாட்டியாயிற்று. எதிர்க்கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆளு யாரு?"

நானும் போய்ப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் இருந்தது. தாத்தா இல்லை.

தப்பு எங்கே? போட்டோஷாப்பில் Posterize என்று ஒரு கட்டளை உண்டு. 4 என்று கொடுத்தால், படத்தில் உள்ள எல்லாச் சாயல்களையும் நாலே படிகளாகச் சுருக்கிவிடும். படிக்கு ஒரு கலர் கொடுத்தால் போஸ்டர் மாதிரி ஒன்று வரும். ஆனால் அதற்குத் தெரிவது வெளிச்சத்தின் அளவு மட்டும்தான். மீசையும் கறுப்பு, மூக்குக்குக் கீழே விழுந்த நிழலும் கறுப்பு. இரண்டையும் ஒரே படியில் தள்ளிவிட்டது. விபூதியும் வெளுப்பு, நெற்றியில் அடித்த ஸ்டூடியோ லைட்டும் வெளுப்பு. இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஊர் தாத்தாவை அடையாளம் வைத்திருந்ததே அந்த மீசையையும் விபூதியையும் வைத்துத்தானே!

கையால் எழுதினவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? தாமிரபரணிக் கரை ஊர்களில் வருஷக்கணக்காக போர்டு எழுதின பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "போட்டோல உள்ளதையெல்லாம் எழுதினா முகம் வராது, பாத்துக்கிடுங்க. எதை விடணும்னு தெரியணும்" என்றார்.

அதே தாத்தா படத்தை வைத்தே சொல்லிக் காட்டினார். படத்தில் முகம் 3 சென்டிமீட்டர் உயரம். போர்டில் 90 வேண்டும். அதாவது 30 மடங்கு. படத்தின் மேல் 3 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகக் கட்டம் போட்டால், முகத்தின் உயரத்துக்குப் பத்துக் கட்டம். தகரத்தில் ஒவ்வொரு கட்டமும் 9 சென்டிமீட்டர். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்தில் வரைந்துகொண்டே போகவேண்டியதுதான். ஆனால் படத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினால் போர்டில் ஒன்றரை சென்டிமீட்டர் பிசகும். உதட்டோரம் அவ்வளவு நகர்ந்தால், சிரிக்கிற மனிதர் முறைப்பார்!

கோடு முடிந்ததும் கண்ணைப் பாதி மூடிப் படத்தைப் பார்ப்பாராம். நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சம், நடு, நிழல் என்று மூன்று திட்டுக்கள்தான் தெரியும். அங்கேதான் கை தீர்மானிக்கிறது. மூக்கின் நிழலைச் செம்பழுப்பாக்கி, மீசைக்கு மட்டும் கறுப்பை ஒதுக்குகிறார். நெற்றி வெளிச்சத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கி, விபூதிக்கு மட்டும் சுத்த வெள்ளையை விடுகிறார். போட்டோவில் இல்லாத வித்தியாசம் இது. ஆனால் தாத்தாவிடம் இருந்தது.

கன்னத்து ஓரத்தில் நீலமோ பச்சையோ ஒரு கீற்று இழுப்பார்களே, அது வெறும் அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. நிழல் பக்கமும் பின்னணியும் ஒரே இருட்டாக இருந்தால், தெருவிலிருந்து பார்க்கிறவனுக்குத் தாடை எங்கே முடிகிறது என்று தெரியாது. அந்தக் கீற்றுதான் முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து முன்னால் தள்ளுகிறது.

இதெல்லாம் தூரத்துக்கான கலை. நம் பக்கத்துக் கோவில்பட்டியை காலண்டர் படங்களுக்குப் பேர்போன ஊராக்கிய கொண்டையராஜு (1898-1976) அங்கே வந்ததே நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதத்தான். நாடகத்துப் படுதா கடைசி வரிசைக்காரனுக்கும் புரியவேண்டும். கடை போர்டு எதிர்ச்சாரிக்குப் புரியவேண்டும்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிலேயே செய்யலாம். Posterize கொடுப்பதற்கு முன், மீசையைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கறுப்பாக்குங்கள். அதைச் சுற்றியுள்ள நிழலைக் கொஞ்சம் வெளிறச் செய்யுங்கள். விபூதிக்கும் நெற்றிக்கும் அதே மாதிரி. ஓரக் கீற்றை நீங்களே இழுங்கள். பிறகு படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள். பெயரைச் சொன்னால் அச்சுக்குக் கொடுக்கலாம். "நல்லா இருக்கே" என்று மட்டும் சொன்னால், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.