மாறாத குணகம் என்னும் வசதி

நெர்ன்ஸ்ட் பங்கீட்டு விதியை நடத்தி முடித்ததும் வகுப்பறையில் ஒரு கணக்கு தவறாமல் வந்துவிடும். நீரில் கரைந்திருக்கும் ஒரு பொருளைக் கரிமக் கரைப்பானால் பிரித்தெடுக்க வேண்டும். இருக்கிற கரைப்பானை ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்குவதா, நான்காகப் பங்கிட்டு நான்கு தடவை குலுக்குவதா? கேள்வியைப் படிக்கும்போதே மாணவருக்கு விடை தெரியும். சூத்திரத்தில் எண்களைப் போட்டு அதை உறுதி செய்வது மட்டுமே மிச்சம். இந்தக் கணக்கு இப்படியே இருக்கட்டும், தொடக்கநிலை மாணவருக்கு இதுவே போதும் என்று ஆசிரியர்களும் பாடநூல் எழுதுவோரும் சொல்வது வழக்கம். கரைப்பான் மிச்சமாகிறது என்று சொல்லிப் பசுமை வேதியியலின் பெயரிலும் இப்போது இதற்கு ஆதரவு கேட்கிறது. விதி சரியானதே. அது கற்பிக்கப்படும் முறையைத்தான் ஏற்க முடியவில்லை.

விதிக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். பங்கீட்டுக் குணகம் 4 என்று கொள்வோம். அதாவது சமநிலையில் கரிம அடுக்கின் செறிவு நீர் அடுக்கின் செறிவைப் போல நான்கு மடங்கு. நீர் 100 மில்லி, கரைப்பான் 100 மில்லி. ஒரே தடவை குலுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு, நீரிலேயே தங்கிவிடும். ஐம்பது ஐம்பதாக இரண்டு தடவை என்றால் ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். முடிவில் 11 விழுக்காடு. இருபத்தைந்தாக நான்கு தடவை என்றால் ஒவ்வொரு தடவையும் பாதி மிஞ்சும், முடிவில் 6.25 விழுக்காடு. காரணமும் எளிது. பெரிய பங்காக ஊற்றும்போது கரைப்பான் முழுவதும், கடைசியில் மெலிந்துபோன நீருடன்தான் சமநிலை கொள்கிறது. சிறு பங்குகளாக ஊற்றினால் முதல் பங்கு செறிவு மிகுந்த நீரைச் சந்தித்து நிறைய ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த பங்கு வெறுமையாக வந்து புதிதாகத் தொடங்குகிறது. துணி அலசுகிற எவருக்கும் இது புரியும்.

இந்த லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சில நூல்கள் சொல்கின்றன, பல சொல்வதில்லை. அதே 100 மில்லியைப் பத்துப் பங்காக்கினால் மிச்சம் 3.5 விழுக்காடு. எண்ணிலடங்காத் துளிகளாக்கினாலும் 1.8 விழுக்காட்டுக்குக் கீழே போகாது. இரண்டு, மூன்று, நான்கு பங்குகளில் கிடைக்கும் பலன்தான் பெரிது. பிறகு வருவதெல்லாம் பிரிபுனலோடு மல்லுக்கட்டுவது. கரைப்பான் ஈதர் என்றால் நிலைமை வேடிக்கையாகிவிடும். அறை வெப்பநிலையில் 100 மில்லி நீர் எட்டிலிருந்து பத்து மில்லி ஈதரைத் தானே கரைத்துக்கொள்ளும். சூத்திரத்தை நம்பி முதல் பங்காகப் பத்து மில்லி ஈதரை ஊற்றினால் பிரித்தெடுக்க மேலடுக்கே ஏறக்குறைய இருக்காது. நீரில் உப்பைக் கரைத்து ஈதரின் கரைதிறனைக் குறைத்துத்தான் இதைச் சமாளிக்க வேண்டும். ஆனாலும் இவை செய்முறைச் சிக்கல்கள். ஆய்வகத்தில் ஒரு வாரம் நின்றால் பிடிபட்டுவிடும். அடிப்படையான குறை வேறிடத்தில் இருக்கிறது.

சூத்திரம் (V/(V + KS))^n என்று எழுதப்படுகிறது. V நீரின் பருமன், S ஒவ்வொரு பங்குக் கரைப்பானின் பருமன், n தடவைகளின் எண்ணிக்கை. n என்ற அடுக்குக்குறியைப் போட்ட கணத்திலேயே ஒரு பெரிய நிபந்தனை ஓசையில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது: முதல் குலுக்கலில் இருந்த K கடைசிக் குலுக்கலிலும் அப்படியே இருக்கும் என்ற நிபந்தனை. 1872இல் பெர்த்தெலோவும் யுங்ஃப்ளைஷும் பங்கீட்டை அளந்து வைத்தார்கள். 1891இல் நெர்ன்ஸ்ட் அதற்கு அளித்த தெளிவு, இரண்டு அடுக்குகளிலும் பொருள் ஒரே மூலக்கூறு வடிவில் இருந்தால்தான் விகிதம் மாறாது என்பது. விதியின் உயிரே அந்த 'இருந்தால்தான்' என்பதில் இருக்கிறது. நீருக்கும் பென்சீனுக்கும் இடையே பங்கிடப்படும் பென்சாயிக் அமிலத்தைக் காட்டி நம் பாடநூல்களே இதை விளக்குகின்றன. பென்சீனில் அந்த அமிலத்தின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே கரிம அடுக்கின் செறிவு நீரடுக்குச் செறிவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. நேர் விகிதம் உடைந்துபோகிறது. இதைச் சொல்லி, அட்டவணை போட்டு, தேர்வுக் கேள்வியும் ஆக்கிவிட்டு, சில பக்கங்கள் தள்ளிப் பிரித்தெடுப்பு என்ற தலைப்புக்கு வந்ததும் K மறுபடி மாறிலியாகிவிடுகிறது. முன் பக்கத்தில் கற்றதைப் பின் பக்கத்தில் மறந்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

மறந்தால் என்ன நட்டம்? அதே 100 மில்லி நீர், அதே 100 மில்லி கரைப்பான். ஆனால் பொருள் கரிம அடுக்கில் முழுவதும் இரட்டை மூலக்கூறாகவே இருக்கிறது என்று கொள்வோம். ஒரே தடவை குலுக்கும்போது விகிதம் 4 வரும்படி, அதாவது மிச்சம் முன்போலவே 20 விழுக்காடு வரும்படி, எண்களை அமைத்துக்கொள்ளலாம். இப்போது இருபத்தைந்து மில்லியாக நான்கு தடவை. முதல் குலுக்கலில் நீர் செறிவாக இருப்பதால் விகிதம் 7.2 வரை ஏறி நிற்கும். இரண்டாவதில் 3.7, மூன்றாவதில் 2.3, நான்காவதில் 1.7. ஒவ்வொரு தடவையும் நீர் மெலிய மெலிய, இரட்டையாகச் சேரும் வாய்ப்பு குறைந்து, கரிம அடுக்கின் ஈர்ப்பும் குறைகிறது. முடிவில் மிஞ்சுவது 8.3 விழுக்காடு, சூத்திரம் சொன்ன 6.25 அல்ல. இன்னும் கவனிக்க வேண்டியது எல்லை. எத்தனை துளிகளாகப் பிரித்தாலும் இங்கே 4.8 விழுக்காட்டுக்குக் கீழே போக முடியாது. மாறாத குணகம் தந்த வாக்கு 1.8. மிச்சம் இரண்டரை மடங்குக்கும் மேல். கடைசிப் பங்குகளில் அதிகம் கிடைக்கும் என்று சூத்திரம் எந்த இடத்தில் ஆசை காட்டுகிறதோ, அதே இடத்தில்தான் அது கைவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நுண்கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பங்கையும் தனித்தனிக் குடுவையில் பிடித்து, சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்த்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் விகிதத்தைக் கணக்கிட்டால் போதும். நான்கு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சூத்திரத்தை நம்பலாம். இறங்கிக்கொண்டே போனால் நம்பக் கூடாது. ஆனால் வழக்கமான செய்முறை, நான்கு பங்குகளையும் ஒரே குடுவையில் சேர்த்து மொத்தத்தை அளக்கச் சொல்கிறது. 'ஒன்றைவிட நான்கு மேல்' என்ற முடிவு அதில் எப்போதும் வரும். குணகம் மாறியதா என்ற கேள்வி அந்தக் குடுவைக்குள்ளேயே கரைந்துபோகும்.

இரட்டையாகச் சேர்வதாவது சிறிய பிழை. நீரடுக்கில் அமிலம் அயனியாவதை மறப்பதோ விடையையே புரட்டிப் போட்டுவிடும். பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு 4.2. அயனியாகாத மூலக்கூறு மட்டுமே ஈதருக்குள் போகும்; பென்சோயேட் அயனி நீரை விட்டு நகராது. அயனியாகாத மூலக்கூறுக்கு ஈதர்–நீர் விகிதம் 80 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீரின் பிஎச் 7.2 என்றால் ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதான் அயனியாகாமல் இருக்கும். நடைமுறையில் கிடைக்கும் விகிதம் 0.08. சம அளவு ஈதரை ஒரே தடவை ஊற்றினால் நீரில் தங்குவது 92.6 விழுக்காடு. அதே ஈதரை எண்ணற்ற பங்குகளாக்கினால் 92.3 விழுக்காடு. பங்கிடும் கலையின் மொத்தப் பலனும் நூற்றில் அரைப்பங்குகூட இல்லை. இப்போது ஈதரைத் தொடாமல், நீரில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பிஎச்சை 2.2க்கு இறக்குங்கள். விகிதம் 79 ஆகிறது. ஒரே தடவை, ஒரே பங்கு. நீரில் மிஞ்சுவது 1.2 விழுக்காடு. சில துளி அமிலம் சாதித்ததை எத்தனை பங்கு ஈதரும் சாதிக்காது. பிரித்தெடுப்பில் வேதியியலாளர் கையில் இருக்கும் முதன்மையான கருவி இந்த விகிதத்தை மாற்றும் திறன்தான்: பிஎச்சை மாற்றலாம், உப்பிடலாம், கரைப்பானை மாற்றலாம். பென்சீனுக்குப் பதில் ஈதரை எடுத்தாலே அமிலம் இரட்டையாகச் சேராமல் ஈதரோடு பிணைந்துகொள்ளும். மாறிலி ஏறக்குறைய மாறிலியாகவே நடந்துகொள்ளும். K என்பதைக் கேள்வித்தாளில் கொடுத்துவிட்டு n என்பதை மட்டும் மாற்றச் சொல்லும் கணக்கு, மாணவர் சிந்திக்க வேண்டிய இடத்தைப் பூட்டிவிட்டு, பெருக்கல் வாய்ப்பாட்டைக் கையில் கொடுக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. குணகம் மாறினாலும் பல பங்குகள்தான் மேல். திசை மாறவில்லையே என்பார்கள். உண்மைதான். மேலே போட்ட கணக்கிலும் 8.3 விழுக்காடு 20ஐவிடக் குறைவுதான். ஆனால் திசையை அறிய ஒரு சூத்திரம் எதற்கு? எத்தனை பங்கில் நிறுத்துவது, இன்னொரு பங்கு ஊற்றினால் அந்தக் கரைப்பானுக்கும் நேரத்துக்கும் தகுந்த அளவு பொருள் வருமா என்று முடிவு செய்யத்தான் சூத்திரம். அந்த இடத்தில்தான் அது தவறான எண்ணைத் தருகிறது. தொடக்கநிலைக்கு எளிமை வேண்டும் என்ற சமாதானமும் நிற்காது. எளிமை வேண்டுமென்றால், இரண்டு கரைப்பான்களிலும் ஒரே வடிவில் இருக்கிற, அமிலமோ காரமோ அல்லாத பொருளை எடுத்துக்கொள்ளலாம். நீருக்கும் கார்பன் டெட்ராகுளோரைடுக்கும் இடையே பங்கிடப்படும் அயோடின் அப்படிப்பட்டது. அயோடைடு அயனி நீரில் இல்லாதவரை அது விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கும். பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்ததும் நீரில் டிரையயோடைடு அயனி உருவாகி விகிதம் சரிந்துவிடும் என்பதையும் அதே பரிசோதனையில் காட்டலாம். எளிமையும் நேர்மையும் ஒரே குடுவையில் இருக்கும்போது, கரிம அமிலம் ஒன்றைக் கொடுத்து, பிஎச்சைச் சொல்லாமல், K இவ்வளவு என்று போடுவது எளிமையில் சேராது. விடுபாடு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாள் அமைப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை அந்தக் கணக்கைக் கேட்கும்போது குணகத்தை எண்ணாகக் கொடுக்காதீர்கள். பிகேஏ மதிப்பையும் நீரின் பிஎச்சையும் கொடுங்கள். ஈதரை நான்காகப் பங்கிடுவதா, முதலில் அமிலம் சேர்ப்பதா என்று கேளுங்கள்.