ரிசோ தோற்றம்: விலகலுக்கு முன்னால் ஒரு வேலை

ஜப்பானின் ரிசோ ககாகு நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த ரிசோகிராஃப், பள்ளி வினாத்தாளும் அலுவலகச் சுற்றறிக்கையும் அடிப்பதற்கான இயந்திரம். மெல்லிய ஸ்டென்சில் தாளில் வெப்பத்தால் நுண்துளைகள் இட்டு, அதை மை உருளையில் சுற்றி, துளை வழியே மையைத் தாளில் இறக்கும். ஓர் உருளைக்கு ஒரு நிறம்தான். ஒற்றை உருளை இயந்திரத்தில் இரண்டாம் நிறம் வேண்டுமானால் உருளையை மாற்றி, அடித்த தாளையே திரும்ப உள்ளே விட வேண்டும். அப்போது தாள் முன்பு உட்கார்ந்த இடத்தில் சரியாக உட்காராது. அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ தள்ளிப்போகும். சாதாரண அச்சகத்தில் ரிஜிஸ்டர் இப்படி விலகினால் திட்டு விழும். கணினியில் ரிசோ தோற்றம் செய்பவர்களோ அதைத்தான் முதலில் தேடிப்போகிறார்கள்.

அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. புகைப்படத்தின் சிவப்புச் சேனலை மட்டும் சற்று நகர்த்திவிட்டு ரிசோ என்று பெயர் வைத்தால், கிடைப்பது 3டி கண்ணாடி போட்டுப் பார்க்கும் பழைய படம். உண்மையான இரு மை அச்சில் நான்கே நிறங்கள் இருக்க முடியும்: தாள், முதல் மை, இரண்டாம் மை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம். ரிசோவின் ஃப்ளோரசன்ட் பிங்க்கையும் நீலத்தையும் திரைக்காக #FF48B0, #0078BF என்று வைத்துக்கொள்வது வழக்கம். இரண்டையும் மல்டிப்ளை முறையில் சேர்த்தால் கிட்டத்தட்ட #002284 வரும். இந்தக் கருநீலம்தான் அந்தப் படத்தின் அதிகபட்ச இருட்டு. பெரிதாக்கிப் பார்க்கும்போது எங்காவது சுத்தக் கறுப்பு தட்டுப்பட்டால், அது ரிசோ வேடம் போட்ட ஃபில்டர்.

ஆகவே முழு வேலையும் நிறப் பிரிப்பில் இருக்கிறது. ஒரே கறுப்பு-வெள்ளைப் பிரதியிலிருந்து இரண்டு தட்டுகளையும் எடுத்தால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லும், படம் தட்டையாகிவிடும். சிவப்புச் சேனலை நீலத் தட்டுக்கும், பச்சைச் சேனலைப் பிங்க் தட்டுக்கும் எடுப்பது மேல். சேனலில் எங்கே இருட்டோ, அங்கே மை.

செம்பருத்திச் செடி ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். பூவின் நிறம் 200, 30, 40 என்றால் பிங்க் 88 சதவீதம், நீலம் 22 சதவீதம் விழும். பூ அருமையாக வரும். இலை 60, 120, 50 என்றால் நீலம் 76, பிங்க் 53. அதாவது இலை ஊதாவாகிவிடும்! பக்கத்தில் மஞ்சள் சாமந்தி இருந்தால் அதன் கதி இன்னும் மோசம்: 255, 220, 0 என்ற நிறத்துக்கு நீலமே இல்லை, பிங்க் 14 சதவீதம். வெளிறிய பிங்க் கறையாகப் பூ கரைந்துபோகும். இலைப் பகுதியில் மட்டும் பிங்க்கைக் குறைத்து இலையை நீலமாக்கலாம், கண் அதை ஏற்றுக்கொள்ளும். சாமந்திக்கு இந்த ஜோடியில் வழியில்லை. பிடித்த இரு நிறங்களை முதலில் முடிவு செய்துவிட்டு எல்லாப் படங்களையும் அதற்குள் தள்ளும் பழக்கம்தான் இந்த முறையின் பெரிய பலவீனம் என்பேன்.

பிரித்தபின் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே புள்ளிகளாக்க வேண்டும், ஒன்று 45 டிகிரியில், மற்றது 75-இல். ஒரே கோணம் கொடுத்து ஒரு தட்டைச் சற்றுத் திருப்பினால் படமெங்கும் அலையலையாகப் பட்டைகள் கிளம்பும். நகர்த்துவது புள்ளியாக்கிய பிறகுதான். முன்பே நகர்த்தினால் விலகலின் விளிம்பு மழுங்கி, ஃபோகஸ் தவறிய படம் போலிருக்கும். 300 டிபிஐ-யில் அரை மில்லிமீட்டர் என்பது சுமார் 6 பிக்சல். தாள் திரும்புவதும் உண்டு: 0.2 டிகிரி திருப்பினால் ஏ4 தாளின் ஒரு முனையில் ஒன்றுமில்லாத விலகல் மறுமுனையில் ஒரு மில்லிமீட்டராகும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக விலகிய படத்தைவிட இதுவே நம்பும்படி இருக்கிறது.

முகத்தில் கவனம் வேண்டும். சின்ன முகத்தில் 6 பிக்சல் விலகலே கண்ணை இரண்டாக்கிவிடும். கண், புருவம், உதட்டுக்கோடு போன்ற நுணுக்கங்களையெல்லாம் நீலத் தட்டில் மட்டும் வைத்து, பிங்க்கைக் கன்னத்திலும் உடையிலும் பட்டையாகப் படரவிட்டால், பிங்க் எவ்வளவு நகர்ந்தாலும் ஆள் அடையாளம் கெடாது.

ஒன்றை மட்டும் இந்த முறையால் எட்டவே முடியாது. ஃப்ளோரசன்ட் மை புறஊதா ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால், பக்கத்திலுள்ள வெள்ளைத் தாளையே மங்கவைக்கும். திரையில் வெள்ளையைத் தாண்டிய பிங்க் கிடையாது. ஆனாலும் ஒழுங்காகப் பிரித்த இரண்டு கறுப்பு-வெள்ளைத் தட்டுகளை அப்படியே ரிசோ அச்சகத்துக்கு அனுப்பலாம். நிறத்துக்கு ஒரு கறுப்பு-வெள்ளைக் கோப்புதான் அவர்களுக்கும் வேண்டியது. ஃபில்டர் போட்ட ஜேபெக்கை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்பும்முன் நாமாகச் சேர்த்த விலகலை மட்டும் எடுத்துவிட வேண்டும். விலக்கும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும்.