எந்தத் தூளியில் பாடிய பாட்டு?

நினைவில் நிற்கும் இரண்டு அடியைக் கொடுத்தால் முழுப்பாட்டும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாகியிருக்கிறது. பேர் வைக்கும் நாளில் பாட்டி பாடியதோ, மஞ்சள் நீராட்டில் அத்தைமார் பாடியதோ, எதுவானாலும் அதன் ‘மூலம்’ எங்கோ ஒரு நூலிலோ இணையத்திலோ முழுதாக இருக்கிறதாம்; தேடுகிறவருக்குப் பொறுமை மட்டும் போதுமாம். எழுதியவர் பெயரோடு அச்சேறிய பாட்டுக்கு இது சரி. தாலாட்டுக்கும் சடங்குப் பாட்டுக்கும் பொருந்தாது. பாட்டைத் தெரிந்தவர் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருக்க, ஏட்டைப் புரட்ட அனுப்பிவிடுகிற நம்பிக்கை இது.

பெரியாழ்வாரும் குலசேகராழ்வாரும் தொட்டில் பாட்டைப் பாசுரமாக்கியதும், பிள்ளைத்தமிழ் அதைத் தாலப் பருவமாக நிறுத்தியதும் வாசகர் அறிந்தவையே. அச்சுக் காலத்தில் முதலில் வந்தவர் சார்லஸ் கோவர். 1871இல் வந்த அவருடைய தொகுப்பு தென்னிந்தியப் பாடல்களை ஆங்கிலச் செய்யுளாகத் தந்தது. தமிழ் அடியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு அதில் எதுவும் அகப்படாது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்று பதிப்பித்தார். தமிழ் அப்படியே கிடைத்தது என்ற வகையில் அது பெரிய பேறு. ஆனால் படிக்கிறவர் பாட்டை ரசிக்கிறார். அது யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

நா.வானமாமலை அந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவந்தார். 1964இல் வெளிவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளில், பாட்டின் அடியில் வட்டார வழக்குச் சொற்கள், சேகரித்தவர், இடம் என்று சிறு எழுத்தில் குறிப்புகள் வரும். அவசர வாசகர் தாண்டிச் செல்லும் அந்த வரிகள்தான் நூலின் உயிர். ஒரே தாலாட்டு அடி இரண்டு ஊர்களில் கிடைத்தால், எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்தவை அவை. குறை ஒன்று உண்டு. நெல்லை, மதுரை, சேலம் பக்கம் விளைந்த அளவுக்குப் பாலாற்றின் முகத்துவாரமும் அதன் வடக்குக் கடற்கரையும் தொகுப்புகளில் இடம்பெறவில்லை. செங்கல்பட்டுக்காரர் ஒருவர் அச்சில் தன் பாட்டைத் தேடினால், தெற்கத்திச் சொல்லோடு கூடிய உறவுப் பாட்டு கிடைக்கும். அதையே தன் பாட்டியின் பாட்டு என்று அவர் எடுத்துக்கொள்ளவும் கூடும்.

பாட்டு ஏன் முழுதாக ஓரிடத்தில் இருப்பதில்லை? மில்மன் பாரி 1930களில் யுகோஸ்லாவியப் பாணர்களிடம் கண்டதை ஆல்பர்ட் லார்ட் 1960இல் நூலாக்கினார்: பாணர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை, பழகிய தொடர்களைக் கோத்து அவ்வப்போது பாட்டைக் கட்டுகிறார். கைலாசபதி 1968இல் அதைச் சங்கப் பாட்டுக்குப் பொருத்தினார். தாலாட்டுக்கு அது இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது. தாலாட்டின் அலகு இரண்டடிக் கண்ணி. குழந்தை தூங்கும்வரை கண்ணிகள் வந்துகொண்டிருக்கும். தூங்கியதும் பாட்டு முடியும். நேற்று எட்டுக் கண்ணி, இன்று இருபது.

ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். சதுரங்கப்பட்டினத்தில் வளர்ந்து வெளியூரில் குடியேறிய பெண் ஒருவருக்கு, தம்பிக்குப் பேர் வைத்த நாளில் பாட்டி பாடியதில் இரண்டு துணுக்குகள் நினைவிருக்கின்றன. ஒன்று, யார் அடித்து நீ அழுகிறாய் என்று குழந்தையைக் கேட்பது. மற்றொன்று, மாமன் என்ன கொண்டுவருவான் என்று அடுக்குவது.

முதலில் கழிக்க வேண்டியது சினிமாவை. 1961இல் வந்த ‘பாசமலர்’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய தாலாட்டிலும் மாமன் சீர் வருகிறது. வானொலி வழியே வீடுகளுக்குள் வந்து, பாட்டி பாடியதாகவே நினைவில் தங்கிய பாட்டுகள் பல. துணுக்கு திரைப்பாட்டோடு சொல்லுக்குச் சொல் ஒத்து, மெட்டும் ஒத்தால் தேடல் அங்கேயே முடிந்தது. மெட்டு வேறாக இருந்தால் தொடரலாம். அதனால்தான் துணுக்கை எழுதி வாங்குவதைவிடப் பாடச் சொல்லிப் பதிவு செய்வது நல்லது.

அடுத்தது எதுகை. கண்ணியின் இரண்டு அடிகளும் பெரும்பாலும் இரண்டாம் எழுத்தில் ஒன்றும். நினைவிலுள்ள ஓரடி ‘முத்து’ என்று தொடங்கி, அடுத்தது ‘கடல்’ என்று தொடங்கினால், இரண்டும் ஒரே கண்ணியைச் சேர்ந்தவை அல்ல என்று ஐயப்படலாம். ‘பத்து’, ‘கொத்து’, ‘சித்திரம்’ என்று தொடங்கும் ஓரடி நடுவில் உதிர்ந்திருக்கும். வயதான உறவினரிடம் “அப்புறம் என்ன?” என்று கேட்டால் அவர் திகைப்பார், அந்த எதுகைச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் அடி தானாக வந்து விழுவதுண்டு.

மூன்றாவதுதான் முக்கியம். யார் அடித்தது என்ற கேள்வி தமிழகமெங்கும் உள்ள பொதுச் சொத்து. அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. மாமன் கொண்டுவரும் பொருள்தான் துப்பு. உழவர் வீட்டில் அது ஒன்றாக இருக்கும், கடற்கரைக் குப்பத்தில் வேறாக இருக்கும். வலையோ கட்டுமரமோ ஊர்ப்பெயரோ வந்தால் தேட வேண்டிய தெரு குறுகுகிறது. ஆனால் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அடியைப் பிடித்துக்கொண்டு, விளங்காத சொல்லைப் பிழை என்று திருத்திவிடுகிறார்கள். திருத்திய பிறகு பாட்டு எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

பூப்பு நீராட்டுப் பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. தாய்மாமன் குச்சு கட்டுவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, நலங்கு வைப்பது, ஆலம் சுற்றுவது எனச் சடங்கில் பல கட்டங்கள் உண்டு. முறைகாரர்களைக் கேலி செய்யும் துணுக்கு என்றால் அது நலங்குக்கு உரியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நலங்கு கல்யாணத்திலும் வளைகாப்பிலும் உண்டு என்பதால், அங்கேயும் தேட வேண்டும். இந்த வகையில் அச்சுக்கும் பங்கு உண்டு. நலங்கு, ஊஞ்சல், லாலிப் பாட்டுகள் மலிவுப் புத்தகங்களாக விற்றன. வாய்ப்பாட்டு புத்தகமாகி, புத்தகம் மறுபடி வாய்ப்பாட்டானது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பழைய அச்சுகளைத் தேடத் தகுந்த இடம். ஒரு துணுக்கு அங்கே சொல் மாறாமல் கிடைத்தால், அது ஊர்ப் பாட்டு என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த வட்டாரத்தின் பெரிய ஏடு மணலில் விரிகிறது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் கூடுகின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வந்து, மணலில் குடில் போட்டு நிலவொளியில் தங்கி, விடியலில் கன்னியம்மனுக்குப் படைக்கிறார்கள். பேர் வைப்பு, மொட்டை, காது குத்து, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கின்றன. சடங்கையும் பாட்டையும் பாடுகிறவரையும் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. செய்தியாளர்கள் கல்யாணத்தைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். பேர் வைப்பில் என்ன பாடினார்கள் என்பது அந்தச் செய்திகளில் அரிதாகவே வருகிறது.

அங்கே செய்ய வேண்டியது, வானமாமலையின் அடிக்குறிப்பை இன்னும் நீட்டுவதுதான். அனுமதி கேட்டுப் பதிவு செய்வது. கண்ணி கண்ணியாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் சடங்கின் எந்தக் கட்டம், பாடியவர் குழந்தைக்கு என்ன உறவு, அவர் பிறந்த ஊர் எது, புகுந்த ஊர் எது என்று குறிப்பது. பிறந்த ஊரைக் கேட்காமல் விடக்கூடாது. பெண்கள் பாட்டைத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள். சதுரங்கப்பட்டினத்தில் பாடிய பாட்டி மதுராந்தகத்தில் பிறந்தவராக இருந்தால், தேடல் கடலை விட்டு ஏரிக்கரைக்குப் போக வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்துப் பெண்ணுக்கு இவ்வளவு செய்தும் பாட்டியின் அன்றைய பாட்டு திரும்பக் கிடைக்காது. கிடைக்கக்கூடியது, பாட்டியின் தங்கையோ ஒன்றுவிட்ட அக்காவோ அதே மெட்டில் பாடும் பத்துக் கண்ணி. அவற்றில் மூன்று அவர் நினைவோடு ஒத்து, நான்காவதில் மாமன் வேறெதையோ கொண்டுவந்தால், அதுவே சரியான வீடு.