எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கடன் அடைக்க இரண்டு வழி சொல்வார்கள். வட்டி கூடுதலானதை முதலில் முடி என்பது ஒன்று. சின்னக் கடனை முதலில் முடித்தால் தெம்பு வரும் என்பது மற்றொன்று. கிரிக்கெட் பந்தயத்தில் பணத்தை விட்டவருக்கு எது சரி?

மாதிரிக் கணக்கு ஒன்று. வீட்டுச் செலவு போக ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் மிஞ்சுகிறது. கிரெடிட் கார்டு பாக்கி 1,20,000. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 4,200, ஜிஎஸ்டி தனி. நகைக்கடன் 1,50,000, மாத வட்டி 1,500. நண்பரிடம் வட்டியில்லாக் கைமாற்று 40,000.

நண்பருக்கு முதலில் கொடுத்தால் அது தீர ஐந்தாவது மாதமாகிவிடும். அதற்குள் கார்டு வட்டி மட்டுமே 21,000 போயிருக்கும். தெம்புக்கு இந்த விலை அதிகம். நகை வட்டியை மட்டும் கட்டிவிட்டு மீதியைக் கார்டுக்குப் போட்டால் சுமார் 11 மாதத்தில் கார்டு தீரும். கணக்குப்படி இதுவே சரி.

ஆனால் பந்தயக்காரர் விஷயத்தில் கணக்குக்கு ஒரு கண் குருடு. கார்டில் கட்டக் கட்ட லிமிட் திறக்கும். பாக்கி தீரும் நாளில் 1,20,000 மறுபடி கைக்கெட்டும். மீட்ட நகையும் அப்படித்தான், அரை மணியில் திரும்ப அடகுக்குப் போகும். ஆகவே முதல் வேலை பணம் கட்டுவதல்ல, வங்கியிடம் பேசுவது. பாக்கியைத் தவணைக்கடனாக மாற்றி, கார்டை ரத்து செய்யும்படி எழுத்தில் கேட்க வேண்டும். ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மாற்றிக் கொடுத்தால் முதல் மாத வட்டி 1,800 ஆகக் குறையும். கட்ட முடியாத தவணைக்குத் தலையாட்டக் கூடாது. ஒரு தவணை திரும்பினாலும் அபராதம் ஏறும்.

ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் 'செட்டில்மென்ட்' கவர்ச்சியானது. ஆனால் கடன் அறிக்கையில் அது 'முழுதும் கட்டியது' என்று வராது. பிறகு கடன் கிடைப்பது சிரமம். மிச்சப் பணம் வட்டிக்கே போதாதவருக்கு அது நியாயமான வழி. நம் ஆளுக்கு அல்ல. யாரானாலும் வங்கியின் கடிதம் வராமல், வசூலிக்க வந்தவர் கையில் பணம் கொடுக்கக் கூடாது.

கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்பார்கள். வட்டியை மட்டும் பார்த்தால் அது நஷ்டம்தான். ஆனால் கையில் ஒன்றுமில்லாதவரை ஒரு ஆஸ்பத்திரிச் செலவு மீண்டும் கடன் வாங்கத் துரத்தும். மாதம் 1,500 வீதம் 20,000 சேரும்வரை, அவர் தொட முடியாத மனைவி கணக்கில் போடலாம்.

ஆக, வட்டி வரிசையே சரி. அடைத்த கடனின் கதவையும் கூடவே பூட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பூட்டு நிற்கிறதா என்பதை வங்கி அறிக்கை காட்டிக்கொடுக்கும். மேட்ச் நடக்கும் மாலைகளில் 200, 500 என்று யுபிஐ பணம் போகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டியவர் அவரல்ல, வீட்டில் இன்னொருவர்.