சுருதியில் நிற்பதும் சுழற்சியில் நிற்பதும்

கச்சேரி மேடையில் எல்லாருக்கும் முன்பே வேலையைத் தொடங்கி எல்லாருக்கும் பின்பு முடிக்கும் கலைஞர் தம்புரா மீட்டுபவர். அவர் வாசிப்பதில் ராகம் இல்லை, தாளமும் இல்லை. நான்கு தந்திகளை ஒரே வரிசையில் மறுபடி மறுபடி மீட்டுகிறார். இப்படி ஒன்றையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதன்மேல் இசையை எழுப்பும் வழக்கம் உலகில் பல மரபுகளில் உண்டு. அவை எல்லாவற்றையும் ஒரே வகை என்று எண்ணிவிடக் கூடாது. சில மரபுகளில் அந்த ஒலி ஸ்வரத்துக்கு நிலையிடம் தருகிறது, சிலவற்றில் காலத்துக்கு நிலையிடம் தருகிறது. ஒன்றுக்கான இலக்கணம் மற்றொன்றுக்குக் குற்றமாகிவிடும். இந்த வேறுபாட்டைத் தம்புராவிலிருந்து தொடங்கிப் பார்த்தால் தெளிவாக விளங்கும்.

நான்கு தந்திகள்

தம்புராவின் முதல் தந்தி மந்தர பஞ்சமம். அடுத்த இரண்டும் மத்திய ஸ்தாயி ஷட்ஜம். சாரணி, அநுசாரணி என்பார்கள். நான்காவது மந்தர ஷட்ஜம். பஞ்சமத்தை நடுவிரலாலும் மற்ற மூன்றையும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுவது நம் வழக்கம். நகம் படாமல், விரலின் சதைப்பகுதி தந்தியை மெல்ல வருடிவிட வேண்டும். ஒரு தந்தியின் நாதம் அடங்குவதற்குள் அடுத்தது அதனோடு சேர்ந்துவிட வேண்டும். அப்போதுதான் நான்கு தனித்தனி மீட்டல்களாகக் கேட்காமல் ஒரே நாதமாகக் கேட்கும்.

ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகிக்குச் சுருதி சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் சாரணியைப் பாடகியின் ஆதார ஷட்ஜத்தில் நிறுத்த வேண்டும். அது நொடிக்கு 196 அதிர்வு. அநுசாரணியை அதனோடு சேர்க்கும்போது இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு அதிர்வு வித்தியாசம் இருந்தாலும், நொடிக்கு ஒருமுறை நாதம் எழுந்து தாழ்வது காதுக்குத் தெரியும். பிரடையைத் திருகித் திருகி அந்த அலை நீண்டுகொண்டே போய் மறைய வேண்டும். கடைசி நூலிழை வித்தியாசத்தைக் குதிரைக்குக் கீழே தந்தியில் கோத்திருக்கும் மணியை நகர்த்திச் சரிசெய்வார்கள். பிறகு மந்தர ஷட்ஜம், 98 அதிர்வு.

பஞ்சமத்தைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எந்தத் தந்தியும் தன் அடிப்படை ஒலியை மட்டும் எழுப்புவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு ஒலிகளையும் சேர்த்தே எழுப்புகிறது. மந்தர ஷட்ஜத்தின் மூன்றாம் மடங்கு 294. பஞ்சமம் 147இல் சரியாக நின்றால் அதன் இரண்டாம் மடங்கும் 294. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். பஞ்சமம் 148இல் நின்றால் அதன் இரண்டாம் மடங்கு 296 ஆகி, நொடிக்கு இரண்டு அலை துடிக்கும். தேர்ந்த வித்வான் பஞ்சமத் தந்தியை மட்டும் கேட்டு முடிவு சொல்வதில்லை. மந்தரத்தோடு சேர்த்து மீட்டி, மேலே இந்த அலை அடங்கியதா என்று கேட்கிறார்.

கேட்காத தந்தியின் காந்தாரம்

அதே மந்தர ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 490 அதிர்வு. பாடகியின் தார ஷட்ஜம் 392. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு நான்கு. அதுதான் அந்தர காந்தாரம். காந்தாரத்துக்கென்று தந்தியே இல்லாத வாத்தியத்தில் காந்தாரம் தானாக ஒலிப்பதால் அதைச் சுயம்பு காந்தாரம் என்கிறார்கள். சுருதி சுத்தமாகச் சேர்ந்ததற்கு வித்வான்கள் தேடும் அடையாளம் இது. காந்தாரம் மிதந்து வரவில்லை என்றால் தந்தியிலோ ஜீவாவிலோ ஏதோ பிசகு என்று மறுபடி தொடங்குவார்கள்.

ஜீவா என்பது குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் மெல்லிய நூல். தம்புராவின் குதிரை அகலமானது, மேற்பரப்பு சற்றே வளைந்தது. அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. எந்த இடத்தில், எவ்வளவு தொட வேண்டும் என்பதை நூல் தீர்மானிக்கிறது. ஒரு மயிரிழை தள்ளினால் தந்தி மொட்டையாக ஒலிக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் கரகரக்கும். இடையே ஒரு புள்ளியில் ரீங்காரம் விரிந்து மேல்மடங்கு ஒலிகள் ஒவ்வொன்றாகத் துலங்கும்.

இதை அறிவியல் கண்ணால் பார்த்தவர் சி.வி. ராமன். சாதாரணத் தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடம் எந்த மேல்மடங்குக்கு அசையாப் புள்ளியோ, அந்த மேல்மடங்கு எழவே கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அப்படி எழக்கூடாத ஒலி வலுவாகவே கேட்கிறது என்று 1921இல் வெளியிட்ட கட்டுரையில் ராமன் காட்டினார். காரணம் குதிரையின் வளைவும், தம்புராவில் அதன்மேல் இருக்கும் நூலும். தந்தி குதிரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் இழந்த மேல்மடங்கு மீண்டும் உயிர் பெறுகிறது.

சுயம்பு காந்தாரத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. தோடியும் கரஹரப்பிரியாவும் சாதாரண காந்தாரம் கொண்டவை. பின்னால் தம்புராவில் அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டே இருக்க, முன்னால் பாடகர் அதற்கு அடுத்த கீழ் ஸ்வரத்தில் நிற்கிறார். தோடியின் காந்தாரத்தைக் கமகத்தோடு அசைத்துப் பாடும் நம் மரபில் இந்த உரசல் உறுத்துவதில்லை. அசையாமல் நீட்டிப் பிடித்தால் அது துல்லியமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் உடனே வெளிப்பட்டுவிடும்.

தெற்கும் வடக்கும்

பஞ்சமமே இல்லாத ராகத்துக்குத் தம்புராவை என்ன செய்வது என்ற கேள்வியில் இரண்டு பள்ளிகள் பிரிகின்றன. நம் பாடகர்கள் ஹிந்தோளத்தையும் ஸ்ரீரஞ்சனியையும் பஞ்சமத் தந்தி ஒலிக்கும்போதே பாடிவிடுகிறார்கள். இந்துஸ்தானியில் மால்கவுன்ஸுக்கு முதல் தந்தியை மத்யமத்துக்கு இறக்குவார்கள். மார்வாவுக்கு நிஷாதத்துக்கு மாற்றுவார்கள். அங்கே ஒரு ராகம் ஒரு மணி நேரம்கூட நிற்கலாம், தம்புராவை அந்த ராகத்துக்கென்றே சேர்ப்பது பொருத்தம். இங்கே ஒரு கச்சேரியில் பத்து ராகங்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் தந்தியை மாற்றினால் செவி நிலைகொள்ளாது.

நம்மிடம் உள்ள பெரிய விதிவிலக்கு மத்யம சுருதி. புன்னாகவராளி, நவரோஜ், செஞ்சுருட்டி போன்ற ராகங்கள் மேல் ஷட்ஜம் வரை எட்டாமல் குறுகிய எல்லைக்குள் உலவுபவை. இவற்றுக்கு மத்யமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு பாடுகிறார்கள். அப்போது பஞ்சமத் தந்தியை ஒரு ஸ்வரம் இறக்கினால் போதும். அது புதிய ஷட்ஜம் ஆகிவிடும், பழைய ஷட்ஜத் தந்திகள் புதிய பஞ்சமமாக நிற்கும். ஒரே ஒரு தந்தியை மாற்றினால் முழு ஆதாரமும் இடம்பெயர்கிறது.

வாத்தியத்தின் உடலிலும் இரு மரபுகள் உண்டு. தஞ்சாவூர்த் தம்புராவின் குடம் பலாமரத்தில் குடைந்தது. மஹாராஷ்டிரத்தின் மிரஜ் ஊரில் செய்யும் தான்புராவின் குடம் பெரிய சுரைக்காய். ஸ்வர சுத்தத்துக்குப் பேர்போன கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான் வாழ்ந்தது அதே மிரஜில்தான்.

மூச்சில் நிற்கும் ஆதாரம்

நாகஸ்வரத்துக்கு ஆதாரம் ஒத்து. விரல் வைத்து வாசிக்கத் துளைகள் இல்லாத நீண்ட குழல் அது. ஒத்து ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்து, இடைவெளியே இல்லாமல் ஒரே ஸ்வரத்தை நிறுத்துகிறார். ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பையிசையில் காற்றுப்பை இந்த வேலையைச் செய்கிறது. அதில் மூன்று ஆதாரக் குழல்கள் உண்டு. இரண்டு, வாசிக்கும் குழலின் ஆதார ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. ஒன்று இரண்டு ஸ்தாயி கீழே. அங்கே பஞ்சமக் குழல் கிடையாது. குழலின் இணைப்பை நீட்டியும் குறுக்கியும் அலை அடங்கும் வரை சேர்ப்பது, நாம் அநுசாரணியைச் சேர்க்கும் அதே முறை.

ஒத்தும் பையிசையும் சுருதிப் பெட்டியும் அசையாத ஆதாரங்கள். தம்புராவோ அசைந்துகொண்டே நிற்கிறது. அது நான்கு மீட்டல்களின் சுழற்சி. அந்தச் சுழற்சி தாளத்தோடு ஒட்டக் கூடாது என்பது அதன் முதல் இலக்கணம். பாட்டு விளம்பத்தில் போனாலும் துரிதத்தில் போனாலும் மீட்டல் ஒரே நிதானத்தில் இருக்க வேண்டும். புதிதாக மீட்ட வரும் மாணவர்கள் மிருதங்கத்தைக் கேட்டு, தெரியாமலே தாளத்துக்கு மீட்டத் தொடங்குவது அடிக்கடி நேரும் பிழை. அப்போது மீட்டல்கள் தட்டுகளாகக் காதில் விழும், ஆதாரம் கலைந்துவிடும்.

காலத்தில் நிற்கும் ஆதாரம்

தாளத்தோடு ஒட்டுவது தம்புராவுக்குப் பிழை, அதுவே வடக்கே நக்மாவுக்கு உயிர். தனித் தப்லா கச்சேரியில் சாரங்கியோ ஹார்மோனியமோ ஒரே ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே இருக்கும். தீன்தால் என்றால் 16 மாத்திரை, மெட்டும் 16 மாத்திரை. அதில் சமம் எது, ஒன்பதாம் மாத்திரையில் விழும் காலி எது என்பது மெட்டின் வளைவிலேயே தெரிய வேண்டும். தில்லி, அஜ்ராடா, லக்னோ, பரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என ஆறு கரானாக்கள் தப்லாவில் உண்டு. அவற்றின் கை வேறு, பாடம் வேறு. எல்லாரும் வந்து சேரும் இடம் நக்மாவின் சமம். நக்மா வாசிப்பவர் மெட்டை அழகுபடுத்த முயன்றாலோ, தப்லாவின் குறுக்குக் கணக்குக்கு மயங்கிக் காலத்தைத் தளர்த்தினாலோ, சமத்துக்கு வந்த கலைஞர் சமத்தைக் காணாமல் நிற்பார்.

நம் தனி ஆவர்த்தனத்தில் நக்மா இல்லை. பாடகரின் கை போடும் தாளமே அந்தப் பொறுப்பை ஏற்கிறது. சபையிலும் பலர் தொடையில் தாளம் போடுகிறார்கள். ஒலியின்றிக் கண்ணால் காணும் சுழற்சி அது.

ஸ்வரத்தையும் காலத்தையும் ஒன்றாகக் கட்டும் மூன்றாம் வகை ஐரோப்பாவில் வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் பர்செல் இயற்றிய இசைநாடகத்தில் டைடோ அரசி சாவதற்கு முன் பாடும் புலம்பல் அதற்கு உச்சம். தாழ்ந்த வாத்தியங்கள் அரை அரை ஸ்வரமாக இறங்கும் ஐந்து தாள அளவு நீளமுள்ள ஒரு வரியை முதலில் தனியே வாசிக்கின்றன. பிறகு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. வரி முடியும் இடத்தில் பாட்டு முடிவதில்லை. அரசியின் வாக்கியம் அந்த விளிம்பைத் தாண்டிச் சென்று வேறு இடத்தில் ஓய்கிறது. கீழே உள்ளது மாறாமல் வருவதால்தான் மேலே உள்ளது அதை மீறுவது நமக்குக் கேட்கிறது. எடுப்பைச் சமத்திலிருந்து தள்ளி வைத்துப் பாடும்போது நம் செவி அடையும் இழுப்பும் இதே வகைதான்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆக, ஆதாரத்துக்கு ஒரே தரம் கிடையாது. தம்புரா தாளத்தை மறந்திருக்க வேண்டும், நக்மா தாளத்தைத் தவிர எதையும் நினைக்கக் கூடாது, பர்செலின் வரி இரண்டையும் சுமக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும் மின்னணுச் சுருதி வழுவாமல் நிற்கும். பயணத்துக்கும் சாதகத்துக்கும் அது பெரிய துணை. ஆனால் அதைக் கூடுதல் சத்தத்தில் வைத்தால் பாடகரின் சுருதிப் பிசகு அவருக்கே கேட்காமல் மூடிவிடும். நல்ல தம்புரா அந்தப் பிசகை மூடாது. ஸ்வரம் சேரும்போது மேல்மடங்குகள் படிந்து குரல் துலங்கும், சேராதபோது உரசல் கேட்கும்.

ஆகவே சபை நடத்துவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குளிரூட்டிய அரங்கின் காற்று பட்டதும் தந்திகளின் இறுக்கம் மாறும். கச்சேரிக்கு அரை மணி முன்பே தம்புராவை மேடைக்குக் கொண்டுவந்து, அங்கேயே சேர்க்க இடமும் அமைதியும் கொடுங்கள். அதற்கென்று ஒரு மைக்கை, குரலுக்குக் கீழான அளவில் வையுங்கள். மீட்டுபவரின் பெயரைப் பக்கவாத்தியக்காரர்களோடு அழைப்பிதழில் அச்சிடுங்கள். மூன்று மணி நேரம் ஒரே நிதானத்தில் தாளத்துக்கு இழுபடாமல் மீட்டுவதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு மேடையில் பெயரும் இருக்க வேண்டும்.